ட்ரோன் தெளிப்புத் தொழிலுக்குப் பெயர் வைப்பது எப்படி: பலகையிலிருந்து வங்கிக் கணக்கு வரை

ட்ரோன் வாங்குவதற்கான கடன், பைலட் சான்று, பயிற்சி இதையெல்லாம் பற்றிச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். பெயர் விஷயத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை. பலகை எழுதுபவர் "என்ன பேருங்க?" என்று கேட்கும்போது யோசிக்க ஆரம்பித்து, கடைசியில் 'ஸ்கை அக்ரோ சொல்யூஷன்ஸ்' மாதிரி ஏதோ ஒன்றை எழுதிவிட்டு வருகிறோம். அப்புறம் உரம் இருக்கா என்று போன் வரும். கல்யாண வீடியோவுக்கு நாள் கேட்டுப் போன் வரும். மருந்து அடிக்க ஆள் தேடுகிறவரிடமிருந்து மட்டும் வராது.

நான் இதில் அலைந்தது காவிரி டெல்டாவில், நெல்லும் உளுந்தும் பருத்தியும் போடுகிற பகுதியில். அதனால் எடுத்துக்காட்டுகளும் அங்கேயிருந்துதான். கொங்குப் பகுதியிலோ தென்மாவட்டத்திலோ இருப்பவர்கள் சொற்களை மட்டும் உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான். டிராக்டர், அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் இதில் பெரும்பாலானது பொருந்தும். எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

1. முதலில் சொற்களைச் சேகரியுங்கள்

பேப்பரை எடுத்துப் பெயர்களை எழுதுவதற்கு முன்னால், விவசாயி இந்த வேலையை என்ன சொல்லிக் கேட்கிறார் என்று கவனியுங்கள். 'பூச்சிக்கொல்லி தெளித்தல்' என்று வேளாண்மைத் துறைத் துண்டறிக்கையில் இருக்கும். வரப்பில் நிற்பவர் "மருந்து அடிக்கணும்" என்பார். அறுவடை இயந்திரம் அவருக்கு 'அறுப்பு மெஷின்'. அதிலும் ஈர வயலில் இறங்குவது 'பெல்ட் வண்டி', காய்ந்த வயலுக்கு 'டயர் வண்டி'. சேற்று உழவை ஒரு ஊரில் 'சேறடிப்பது' என்றால் இன்னொரு ஊரில் 'தொளி அடிப்பது' என்பார்கள்.

சேகரிக்க நல்ல இடம் உரக்கடை வாசல். ஒரு காலை நேரம் அங்கே நின்றால் போதும். டீக்கடையும் பரவாயில்லை, ஆனால் அங்கே பேச்சு வேறு பக்கம் போய்விடும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, மருந்து வாங்க வருகிறவரிடம், "அண்ணே, இதை யாரை வெச்சு அடிப்பீங்க? ட்ரோன்ல அடிச்சுக் குடுத்தா என்ன கேப்பீங்க?" என்று பேச்சுக் கொடுங்கள். எனக்குத் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இரண்டுதான். "மருந்து நீங்க போடுவீங்களா, நாங்க வாங்கித் தரணுமா தம்பி?" என்பது ஒன்று. "மாவுக்கு எவ்வளவு?" என்பது அடுத்தது. டெல்டாவில் இன்னும் மா கணக்குத்தான் ஓடுகிறது, மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். இந்த இரண்டு கேள்விக்கான பதிலையும் பெயருக்குள் திணிக்க முடியாது, ஆனால் பலகையின் இரண்டாவது வரியில் அவை வந்தாக வேண்டும். அதைப் படி 3இல் பார்ப்போம்.

2. குழப்பும் சொற்களை அடித்துவிடுங்கள்

கேட்க நன்றாக இருந்தும் வேலையைக் கெடுக்கிற சொற்கள் சில உண்டு.

'அக்ரோ' என்ற சொல்லைப் பார்த்ததும் உரக்கடை என்று நினைப்பார்கள், ஊரில் பாதி உரக்கடைகளின் பெயர் அப்படித்தான் முடிகிறது.

'சேவை மையம்' என்றால் நினைவுக்கு வருவது இ-சேவை மையம். சாதிச் சான்று, வருமானச் சான்றுக்கு ஆள் வந்து நிற்கும். 'வேளாண் மையம்' இன்னும் மோசம், ஏனென்றால் வட்டாரத்தில் ஏற்கெனவே அரசின் வேளாண்மை விரிவாக்க மையம் இருக்கிறது. மானிய விதை வந்துவிட்டதா என்று உங்களிடம் கேட்பார்கள். இதில் தொந்தரவு மட்டும் இல்லை, அரசுத் திட்டம் என்று நினைத்து வருகிறவர் கட்டணம் என்றதும், அரசாங்க வேலைக்குக் காசு கேட்கிறான் என்று பேச ஆரம்பிப்பார். இதே காரணத்துக்காக 'உழவன்' என்ற பெயரையும் தவிர்த்துவிடுங்கள், அது தமிழக அரசின் செயலியின் பெயர். 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில் ட்ரோன் பெற்ற மகளிர் குழுக்கள்கூட, திட்டத்தின் பெயரையே கடைப் பெயராக வைக்காமல் குழுவின் பெயரில் நடத்துவது நல்லது. அரசுச் சின்னங்களையும் அரசு ஆதரவு இருப்பது போன்ற பெயர்களையும் வணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 1950ஆம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டம் என்று ஒன்றே இருக்கிறது.

'மருந்து' என்ற சொல் தனியாக நின்றால், மருந்து விற்கிற கடை என்ற பொருள் வந்துவிடும். பூச்சிமருந்து விற்க 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். உங்களிடம் அது இல்லாமல் பலகை மட்டும் அப்படிப் படிக்கும்படி இருந்தால், ஆய்வுக்கு வருகிற அலுவலர் கேள்வி கேட்பார். 'மருந்து அடிப்பு' என்று சேர்த்து எழுதினால் சிக்கல் இல்லை.

'வாடகை' என்ற சொல் ட்ரோனுக்குச் சரியில்லை. 'ட்ரோன் வாடகைக்கு' என்று போட்டால் போட்டோ ஸ்டுடியோக்காரர்கள்தான் முதலில் கூப்பிடுவார்கள். ரோட்டவேட்டருக்கும் அறுப்பு மெஷினுக்கும் 'வாடகை' பழகிய சொல், டிரைவரோடு வரும் என்பதும் ஊருக்கே தெரியும். அங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கடைசியாக, ட்ரோன் கம்பெனியின் பெயரையோ மாடலின் பெயரையோ ஒட்டிப் பெயர் வைக்காதீர்கள். 'கருடா' என்று வைக்க நிறைய பேருக்கு ஆசை வருகிறது, பறக்கிறது, சாமி பெயர், எல்லாம் சரி. ஆனால் கருடா ஏரோஸ்பேஸ் என்று சென்னையில் ட்ரோன் தயாரிக்கும் நிறுவனமே இருக்கிறது. நீங்கள் அவர்களுடைய ஆள் என்று விவசாயி நினைப்பார். அவர்கள் சண்டைக்கும் வரலாம்.

3. பெயரை இரண்டு துண்டாகச் செய்யுங்கள்

இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. 'ட்ரோன் மருந்து தெளிப்பு' என்று மட்டும் வைத்தால் விவசாயிக்கு உடனே புரியும், ஆனால் அது யாருடைய பெயரும் இல்லை. நாளைக்குப் பக்கத்து ஊர்க்காரர் அதையே எழுதினால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. வர்த்தக முத்திரைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, செய்கிற வேலையை மட்டும் விவரிக்கும் பெயரையும் ஊர்ப் பெயரையும் பொதுவாகப் பதிவு செய்யவிடாது. மாறாக 'ஏரோவிங்ஸ்' மாதிரி வைத்தால் பதிவாகலாம், யாருக்கும் புரியாது.

அதனால் முன்துண்டு உங்களுடைய அடையாளம், பின்துண்டு வேலை. முன்துண்டுக்கு நான் பார்க்கிற தகுதிகள்: மூன்று நான்கு எழுத்தில் முடிய வேண்டும், போனில் ஒருமுறை சொன்னாலே பிடிபட வேண்டும், ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே மாதிரிதான் எழுத முடிய வேண்டும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. 'உழவு' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் Uzhavu என்பார் ஒருவர், Ulavu என்பார் இன்னொருவர். ழகரம் வருகிற எல்லாச் சொல்லுக்கும் இந்தத் தொல்லை உண்டு, தேடுகிற பாதிப் பேருக்கு நீங்கள் கிடைக்க மாட்டீர்கள்.

ஒரு எடுத்துக்காட்டைக் கடைசி வரை கொண்டுபோவோம். மன்னார்குடிப் பக்கம் ஒருவர் 10 லிட்டர் டேங்க் உள்ள ஒரு ட்ரோனோடு தொடங்குகிறார் என்று வையுங்கள். 'மன்னை ட்ரோன்' என்று யோசிக்கிறார். ஊர்ப்பெயர் நம்பிக்கை தரும், ஆனால் பதிவு சிரமம், நீடாமங்கலத்துக்காரர் "அது அந்த ஊர் வண்டி" என்று விட்டுவிடுவார். 'வெண்ணாறு ட்ரோன்' ஆற்றின் பெயர் என்பதால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் இடப்பெயர்ச் சிக்கல் போகவில்லை. 'வரப்பு' என்று வைக்கிறார். சின்னச் சொல், விவசாயியின் வாயில் தினமும் இருப்பது, ஆங்கிலத்தில் Varappu என்று எழுதினால் பெரிதாகப் பிசகாது, ட்ரோன் வேலையை நேரடியாக விவரிப்பதும் இல்லை. ஆக முழுப் பெயர்: 'வரப்பு ட்ரோன் தெளிப்பு'.

'மருந்து அடிப்பு' ஏன் இல்லை என்றால், அவர் உளுந்து பூக்கிற நேரத்தில் டிஏபி கரைசலும் அடிக்கிறார், வேளாண் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டரும் அடிக்கிறார். 'தெளிப்பு' எல்லாவற்றையும் தாங்கும். பேச்சு வழக்கை இரண்டாவது வரிக்குக் கொடுத்துவிட்டார்:

"நெல், உளுந்து, பருத்திக்கு ட்ரோனில் மருந்து அடித்துத் தரப்படும். மருந்து உங்களுடையது. மா / ஏக்கர் கணக்கு."

உரக்கடை வாசலில் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் வந்துவிட்டது பாருங்கள். கட்டணத்தை மட்டும் பலகையில் எழுத வேண்டாம், அது பருவத்துக்குப் பருவம் மாறும்.

நாளைக்கு ரோட்டவேட்டரும் வாங்குவோம் என்ற எண்ணம் இருந்தால், பின்துண்டை மட்டும் மாற்றி 'வரப்பு உழவு வண்டி வாடகை' என்று இன்னொரு பலகை வைக்கலாம். எல்லா இயந்திரத்தையும் ஒரே பெயரில் அடுக்கினால், எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

4. போனில் சோதியுங்கள்

பெயரைப் பத்துப் பேரிடம் காட்டிப் பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லாரும் நல்லா இருக்கு என்பார்கள். போனில் கூப்பிட்டு ஒரே ஒரு முறை பெயரைச் சொல்லிவிட்டு, "இது என்ன வேலை செய்யும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். மறுநாள் அதே ஆளைக் கூப்பிட்டு, நேற்றுச் சொன்ன பெயர் நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு "கேமராவா?", "உரமா?" என்று பதில் வந்தால் பின்துண்டு சரியில்லை. மறுநாள் "ஏதோ ட்ரோன் சொன்னியே" என்றால் முன்துண்டு நிற்கவில்லை. உங்கள் நண்பர்களை விட்டுவிடுங்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடமும், வயலை உண்மையில் பார்த்துக்கொள்ளும் பெண்களிடமும் கேளுங்கள்.

5. வேறு யாரிடமாவது அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்

இதற்குச் செலவில்லை, ஒரு மாலை நேரம் போதும். ipindia.gov.in தளத்தில் வர்த்தக முத்திரைப் பொதுத் தேடல் இருக்கிறது. பெயரை அப்படியே தேடுவது ஒரு வகை, ஒலியை வைத்துத் தேடுவது இன்னொரு வகை, இரண்டையும் செய்யுங்கள். வகுப்பு எண் கேட்கும். வயலில் மருந்து தெளிப்பதும் பண்ணை இயந்திரங்களை வாடகைக்கு விடுவதும் 44ஆம் வகுப்பு. அதோடு நிறுத்தாமல் 12ஆம் வகுப்பையும் (ட்ரோன்), 7ஆம் வகுப்பையும் (பண்ணை இயந்திரங்கள்), 1, 5ஆம் வகுப்புகளையும் (உரம், பூச்சிமருந்து) பாருங்கள். ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியின் பொருளுக்கு உங்கள் பெயர் இருந்தால், நீங்கள் அந்த மருந்தைத்தான் அடிக்கிறீர்கள் என்று ஆகிவிடும்.

அடுத்து கூகுள் வரைபடத்தில் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் தேடுங்கள். தமிழில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை. 'ட்ரோன்', 'டிரோன்' இரண்டு எழுத்திலும் தேட வேண்டும்.

தனியார் நிறுவனமாகவே பதிவு செய்யப் போகிறவர்கள் கம்பெனி விவகார அமைச்சகத்தின் ஸ்பைஸ் பிளஸ் படிவத்தில் முதல் பகுதியில் பெயரை ஒதுக்க வேண்டும். கட்டணம் ரூ. 1,000. இரண்டு பெயர் கொடுக்கலாம், ஒப்புதல் கிடைத்தால் 20 நாள் வைத்திருப்பார்கள். ஒரு ட்ரோனோடு தொடங்குகிறவருக்கு நிறுவனம் தேவையில்லை என்பது என் கருத்து. தனிநபர் உரிமைத் தொழிலே போதும், ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கைச் செலவு மிச்சம்.

6. காகிதங்களின் வரிசை: உத்யம், வங்கி, பிறகு பலகை

முதலில் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு. udyamregistration.gov.in தளத்தில் ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம், கட்டணம் கிடையாது. அதே மாதிரி தோற்றமுள்ள தளங்கள் ஆயிரக்கணக்கில் காசு கேட்கும், முகவரி gov.in என்று முடிகிறதா பாருங்கள். தொழில் வகைக் குறியீட்டில் 0161 தொகுதியை எடுங்கள், பயிர் உற்பத்திக்குத் துணையான வேலைகள் அதில் வரும். பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் போடுகிறீர்களோ அதுவே இனி எல்லா இடத்திலும். Varappu Drone Thelippu என்று முடிவு செய்துவிட்டால், பிறகு ஒரு இடத்தில்கூட Spraying என்று மாற்ற வேண்டாம்.

அடுத்தது நடப்புக் கணக்கு. இங்கேதான் எனக்கு அதிகம் இழுத்தடித்தது. தொழில் பெயரில் கணக்குத் தொடங்க, தொழில் நடப்பதற்கு இரண்டு ஆவணம் கேட்பார்கள். உத்யம் ஒன்று. இரண்டாவதாக ஜிஎஸ்டி சான்று எங்கே என்பார்கள். பயிர்ப் பாதுகாப்பு போன்ற சாகுபடி வேலைகளுக்கும் வேளாண் இயந்திர வாடகைக்கும் ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. இதை மட்டுமே செய்கிறவர் பதிவு எடுக்கத் தேவையில்லை, ஆகவே அந்தச் சான்று உங்களிடம் இருக்காது. வங்கிக் கணக்குக்காக மட்டும் ஜிஎஸ்டி எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், அதற்கப்புறம் வியாபாரம் இருக்கிறதோ இல்லையோ ரிட்டர்ன் தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டும், அதற்கு ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டும்.

அதற்குப் பதிலாக உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம், தொழில் வருமானம் காட்டிய வருமான வரித் தாக்கல், தொழில் பெயரில் வந்த மின் கட்டண ரசீது இவற்றில் ஒன்றைக் கொடுக்கலாம். எதுவுமே இல்லையென்றால், இரண்டு ஆவணம் திரட்ட முடியாதவரிடம் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு இடத்தை நேரில் பார்த்துச் சரிபார்த்துக் கணக்குத் தொடங்க ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் அறிதல் விதிகள் வங்கிக்கு இடம் கொடுக்கின்றன. கட்டாயமில்லை, வங்கியின் விருப்பம். ஆனால் அந்த விதியைச் சொல்லி மேலாளரிடம் நேராகக் கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். கவுன்டரில் கேட்டுப் பயனில்லை.

கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்ததும் போனில் தெரிவது வங்கிக் கணக்கிலுள்ள பெயர். பலகையில் வரப்பு, போனில் உங்கள் அம்மா பெயர் என்றால் பெரியவர்கள் பணம் போடத் தயங்குவார்கள், "வேற யாருக்கோ போகுதே தம்பி" என்பார்கள். மானியத்துக்கோ கடனுக்கோ விண்ணப்பிக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: விண்ணப்பம், ட்ரோன் வாங்கிய பில், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும். தனிநபர் பெயரில் விண்ணப்பித்துவிட்டு பில்லைத் தொழில் பெயரில் வாங்கினால் கோப்பு நிற்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகு பலகை. தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில். நமக்கு இது விதியாகவே இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியதுதான். ட்ரோனை ஏற்றிச் செல்லும் வண்டியின் பின்பக்கம்தான் உங்களுக்கு உண்மையான பலகை என்பதால், முதல் செலவை அதற்குச் செய்யுங்கள். 'தெளிப்பு' என்ற சொல்லும் போன் எண்ணும் இருபது அடி தள்ளி நின்று படிக்க வர வேண்டும். ட்ரோன் படம் போடுவதாக இருந்தால் கீழே நாஸிலிலிருந்து தெளிப்பது தெரிகிற படம் போடுங்கள். வெறும் ட்ரோன் படம் மறுபடியும் கல்யாண வீடியோதான்.

கூகுள் வரைபடத்தில் சேர்க்கும்போது பலகையில் உள்ள பெயரை மட்டும் போடுங்கள். 'வரப்பு ட்ரோன் தெளிப்பு மன்னார்குடி குறைந்த விலை' என்று நீட்டினால் விதிமீறல் என்று பக்கத்தை முடக்கிவிடுவார்கள். சரிபார்ப்புக்கு வீடியோ கேட்கலாம், பலகையும் ட்ரோனும் இருக்கும் இடமும் அதில் தெரிய வேண்டும். பலகை மாட்டாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

7. வர்த்தக முத்திரை: யாருக்கு, எப்போது

சுற்றுவட்டாரத்தில் ஒரே ட்ரோன் ஓட்டுகிறவர் முதல் பருவத்திலேயே இதற்குச் செலவு செய்ய அவசியமில்லை. இரண்டாவது ட்ரோனோ பக்கத்துத் தாலுகாவில் ஆளோ போடுகிற நேரம் வந்தால் செய்யுங்கள். படிவம் TM-A, தனிநபர் இணையவழியில் கட்டினால் ஒரு வகுப்புக்கு ரூ. 4,500. முகவர் வைத்தால் அவர் கட்டணம் தனி. 44ஆம் வகுப்பு ஒன்று போதும், 'எல்லா வகுப்பிலும் போட்டுவிடலாம்' என்று சொல்லும் முகவரிடமிருந்து விலகுங்கள்.

விண்ணப்பத்தில் 'வரப்பு' என்ற துண்டைத்தான் முன்னிறுத்த வேண்டும். 'ட்ரோன் தெளிப்பு' மேல் உங்களுக்குத் தனி உரிமை கிடைக்காது. பரிசோதனை அறிக்கையில் ஆட்சேபம் வந்தால் பதில் சொல்ல ஒரு மாதம்தான், மின்னஞ்சலைத் தவறாமல் பாருங்கள். முகவருடைய மின்னஞ்சலை மட்டும் கொடுத்துவிட்டு மறந்து போவது இதில் வழக்கமாக நடக்கிற கோளாறு. ஏற்கப்பட்டால் முத்திரை இதழில் வெளியிடுவார்கள், எதிர்ப்புத் தெரிவிக்க நான்கு மாதம். பதிவு கிடைத்தால் 10 ஆண்டு, பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பித்ததும் பெயரோடு ™ போடலாம், வட்டத்துக்குள் ஆர் எழுத்துப் போடுவது பதிவு வந்த பிறகுதான். முன்கூட்டியே போடுவது குற்றம்.

8. எப்போது தொடங்குவது

டெல்டாவில் சம்பாவுக்கு மருந்து அடிக்கும் நெருக்கடி அக்டோபரிலிருந்து. இலைச்சுருட்டுப் புழு, புகையான் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும், அப்போது பெயரைப் பற்றி யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. உத்யம் ஒரே நாளில் முடியலாம், வங்கிதான் எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது. ஜூன், ஜூலையில் பெயரை முடிவு செய்து, ஆகஸ்டில் கணக்கும், செப்டம்பருக்குள் பலகையும் வண்டி எழுத்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு நெல் தரிசு உளுந்துக்குத் தெளிக்கும் பிப்ரவரி, மார்ச்.

முதல் பருவம் முழுக்க ஒரு நோட்டில், போனில் கூப்பிட்டவர் என்ன கேட்டுக் கூப்பிட்டார் என்று மட்டும் எழுதி வையுங்கள். உரம் கேட்டு, கேமரா கேட்டு வருகிற அழைப்புகள் இன்னும் நிறைய இருந்தால் பெயரை மாற்ற ஓடாதீர்கள். முதலில் இரண்டாவது வரியை மாற்றிப் பாருங்கள், அதற்குப் பெயின்ட் செலவு மட்டும்தான். பெயரை மாற்றினால் உத்யம், வங்கி, க்யூஆர், ரசீதுப் புத்தகம் எல்லாம் மறுபடி.